ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக என்ன செலவு? பஸ் அடக்கக் கணக்கு, படிப்படியாக

ராத்திரி கண்டக்டர் எண்ணி வைக்கும் கலெக்‌ஷனில் டீசலையும் பேட்டாவையும் கழித்துவிட்டு, மிச்சத்தை லாபம் என்று எழுதும் பழக்கம் பஸ் முதலாளிகளிடம் உண்டு. அந்த மிச்சத்தில் இன்சூரன்ஸும் காலாண்டு வரியும் பஸ்ஸின் தேய்மானமும் இன்னும் ஒளிந்துகொண்டிருக்கின்றன. அதை வெளியே எடுக்கிற கணக்குதான் பயணி-கிலோமீட்டர் அடக்கம். கணக்கு கஷ்டமில்லை. என்னிடம் பழக வருகிறவர்கள் கூட்டலிலோ வகுத்தலிலோ தப்பு செய்வதில்லை. வரிசையில்தான் தப்பு செய்கிறார்கள். செலவைக் கூட்டிவிட்டு, எதால் வகுப்பது என்று கடைசியில் யோசிப்பார்கள். இங்கே அதைத் தலைகீழாகப் போடுகிறேன்.

எடுத்துக்கொள்ளும் பஸ்: தஞ்சாவூர்–கும்பகோணம், ஒரு வழி 40 கி.மீ., நடுவில் பாபநாசம். 50 சீட். நாளுக்கு நான்கு நடை போய்வருகிறது. மாதத்தில் 25 நாள் ஓட்டம், 5 நாள் ஷெட். ஊரும் தூரமும் உண்மை. செலவுத் தொகைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் பஸ்ஸுக்கு உங்கள் பில்லைப் போடுங்கள்.

## 1. உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

டிரிப் ஷீட், டிக்கெட் மெஷினில் எடுத்த ஸ்டேஜ் வாரியான ரிப்போர்ட், டீசல் பில்களோடு மீட்டர் ரீடிங், டயர் நோட்டு, சம்பளப் பதிவேடு. கூடவே பஸ் வாங்கிய பில், இன்சூரன்ஸ், வரி, பெர்மிட் ரசீதுகள்.

இதில் விட்டுப்போவது எப்போதும் ஸ்டேஜ் வாரி ரிப்போர்ட்தான். "மொத்த டிக்கெட் எண்ணிக்கை இருக்கே, போதாதா?" என்பார்கள். போதாது. ஏன் என்பது மூன்றாம் படியில் தெரியும்.

இன்னொன்று, எல்லாத் தொகையையும் மாதக் கணக்குக்குக் கொண்டுவருவதாக இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். வரி மூன்று மாதத்துக்கு, இன்சூரன்ஸ் வருஷத்துக்கு, பெர்மிட் ஐந்து வருஷத்துக்கு என்று ஒவ்வொன்றும் ஒரு கால அளவில் வரும். பாதியில் மாற்றினால் கண்டிப்பாக ஏதாவது ஒன்று பன்னிரண்டு மடங்காகிவிடும்.

## 2. கிலோமீட்டர் இரண்டு வகை, இரண்டையும் எழுதுங்கள்

வருமான ஓட்டம் என்பது பயணியோடு ஓடும் தூரம். நாளுக்கு 40 × 2 × 4 = 320 கி.மீ. மாதத்துக்கு 320 × 25 = 8,000 கி.மீ.

ஆனால் ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குள் இல்லை. காலையில் 5 கி.மீ. வெறுமையாக வந்து, ராத்திரி 5 கி.மீ. வெறுமையாகத் திரும்புகிறது. நாளுக்கு 10, மாதத்துக்கு 250 கி.மீ. ஆகவே மீட்டரில் ஏறும் தூரம் 8,250 கி.மீ.

டீசலும் டயரும் ஆயிலும் பயணி இருக்கிறாரா என்று பார்த்துச் செலவாவதில்லை. அவற்றை 8,250-க்குக் கணக்கிட வேண்டும். ஆனால் அந்தச் செலவை யாரோ ஒரு பயணிதான் சுமக்க வேண்டும். வெற்று ஓட்டத்தில் பயணி கிடையாது. அதனால் கடைசியில் வகுப்பது வருமான ஓட்டத்தை வைத்து. மேலே 8,250, கீழே 8,000. இதைக் குழப்பி இரண்டு இடத்திலும் 8,000 போட்டால் இந்தப் பஸ்ஸில் டீசல் மட்டும் மாதம் ரூ. 4,700 காணாமல் போகும். இரண்டு இடத்திலும் 8,250 போட்டால் ஒரு கிலோமீட்டரின் அடக்கம் குறைவாகத் தெரியும். யாருமே டிக்கெட் வாங்காத தூரத்துக்கும் செலவைப் பங்கு போட்ட மாதிரி.

## 3. பயணி-கிலோமீட்டர்: டிக்கெட்டை எண்ணாதீர்கள், தூரத்தை எண்ணுங்கள்

ஒரு பயணி ஒரு கிலோமீட்டர் போனால் ஒரு பயணி-கிலோமீட்டர். இந்தக் கணக்கில் நான் அதிக நேரம் உட்காரும் இடம் இதுதான், ஏனென்றால் இங்கே வரும் தப்பு மொத்த விடையையும் சாய்த்துவிடும்.

ஒரு சிங்கிளை, அதாவது ஒரு வழி ஓட்டத்தை மட்டும் பார்ப்போம். தஞ்சாவூரில் 46 பேர் ஏறுகிறார்கள். 25 கி.மீ.யில் பாபநாசம். அங்கே 28 பேர் இறங்கி, 12 பேர் ஏறுகிறார்கள். மீதி 15 கி.மீ.க்கு வண்டியில் இருப்பவர்கள் 30 பேர். விற்ற டிக்கெட் 46 + 12 = 58.

புதிதாக வருகிறவர் 58 × 40 = 2,320 என்று எழுதுவார். 58 பேரும் 40 கி.மீ. போனதாக அர்த்தம். அப்படிப் பார்த்தால் 50 சீட் பஸ்ஸில் 116 சதவீத நிரப்பு. ஒருவர்கூட நிற்காமல் போன வண்டியில் 116 சதவீதம் எப்படி வரும்? தப்பு தன்னையே காட்டிக்கொடுக்கும் இடம் அது.

அடுத்தவர் கொஞ்சம் கெட்டிக்காரர். 46-ஐயும் 30-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து, சராசரி 38 பேர், 76 சதவீதம் என்பார். இது பார்க்கச் சரியாக இருக்கும், அதனால்தான் ஆபத்து. 46 பேர் 25 கி.மீ. போனார்கள், 30 பேர் 15 கி.மீ.தான் போனார்கள். இரண்டு துண்டுக்கும் ஒரே எடை கொடுக்க முடியாது.

சரியான கணக்கு, துண்டு துண்டாக:

தஞ்சாவூர்–பாபநாசம்: 46 × 25 = 1,150
பாபநாசம்–கும்பகோணம்: 30 × 15 = 450
மொத்தம்: 1,600 பயணி-கி.மீ.

டிக்கெட் பக்கத்திலிருந்தும் சரிபார்க்கலாம். முழுத் தூரம் போனவர்கள் 18 பேர், 18 × 40 = 720. பாபநாசத்தில் இறங்கியவர்கள் 28 × 25 = 700. அங்கே ஏறியவர்கள் 12 × 15 = 180. கூட்டினால் அதே 1,600. இரண்டு வழியிலும் ஒரே எண் வராவிட்டால் ஸ்டேஜ் ரிப்போர்ட்டில் எங்கோ ஏற்றம் இறக்கம் மாறியிருக்கிறது.

முழுக் கொள்ளளவு 50 × 40 = 2,000. ஆக நிரப்பு விகிதம் 1,600 ÷ 2,000 = 80 சதவீதம். காலையில் காலேஜ் பிள்ளைகள் நேரம் இதைவிடக் கூடும், மத்தியானம் வண்டி காற்றாடும். எட்டு சிங்கிளையும் இப்படியே போட்டு, அவற்றின் சராசரியும் 1,600 வந்ததாக எடுத்துக்கொள்வோம். மாதத்துக்கு 200 சிங்கிள், எனவே 3,20,000 பயணி-கி.மீ.

ஸ்டேஜ் ரிப்போர்ட் கிடைக்கவே இல்லையென்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. மொத்தக் கலெக்‌ஷனைக் கிலோமீட்டர் கட்டணத்தால் வகுத்தால் ஏறக்குறைய பயணி-கி.மீ. வரும். ஆனால் குறைந்தபட்ச டிக்கெட்டும், ஸ்டேஜுக்கு ரவுண்டு செய்வதும் கலெக்‌ஷனைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும். பாஸில் போகிறவர்கள் அதில் வரவே மாட்டார்கள். சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம், அடிப்படையாக வைக்கக் கூடாது.

## 4. நிலைச் செலவு: வண்டி ஷெட்டில் நின்றாலும் ஆகிற செலவு

ஒரு செலவு இந்தக் கூட்டில் சேருமா என்று தெரிய ஒரே கேள்வி போதும்: இந்த மாதம் வண்டியை எடுக்கவே இல்லையென்றால் இது நிற்குமா? நிற்காது என்றால் நிலைச் செலவு.

தேய்மானம். பஸ் விலை ரூ. 36,00,000. இதில் ஆறு டயரின் விலை ரூ. 1,20,000-ஐ முதலில் கழியுங்கள். டயரை அடுத்த படியில் கிலோமீட்டர் கணக்கில் தனியாகப் போடப் போகிறோம். இங்கேயும் விட்டுவைத்தால் ஒரே டயருக்கு இரண்டு தடவை செலவு எழுதினதாகும். பத்து வருஷம் கழித்து விற்றால் கிடைப்பது ரூ. 4,80,000. மீதி ரூ. 30,00,000-ஐ 120 மாதத்தால் வகுத்தால் மாதம் ரூ. 25,000. கிலோமீட்டர் அடிப்படையில் தேய்மானம் போடுகிறவர்களும் உண்டு. அப்போது அது ஓட்டச் செலவில் சேரும். எதையாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மாதா மாதம் மாற்றாதீர்கள்.

சம்பளம். எட்டு சிங்கிள் என்றால் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கான 1961-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த வரம்பு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஆகவே காலை, மதியம் என்று இரண்டு ஷிப்ட், இரண்டு டிரைவர், இரண்டு கண்டக்டர். டிரைவருக்கு 18,000, கண்டக்டருக்கு 15,000, பி.எஃப். பங்கும் போனஸும் சேர்த்து. மொத்தம் ரூ. 66,000. "பஸ்ஸுக்கு ஒரு டிரைவர்" என்று எழுதிவிட்டு நகர்வது அடிக்கடி பார்க்கும் தப்பு. இன்னொரு எச்சரிக்கை: பல தனியார் பஸ்களில் மாதச் சம்பளமே கிடையாது, டூட்டிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அங்கே இது நிலைச் செலவு அல்ல, ஓடுகிற நாளோடு போகும். பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள், பாடப் புத்தகத்தைப் பார்த்து அல்ல.

வட்டி. பாக்கிக் கடன் ரூ. 18,50,000, வட்டி 12 சதவீதம், மாதம் ரூ. 18,500. வட்டியை அடக்கத்தில் சேர்க்கலாமா என்று வாத்தியார்களுக்குள்ளேயே சண்டை உண்டு. பரீட்சைக் கணக்கில் கொடுத்திருந்தால் பெரும்பாலும் நிலைச் செலவில் சேர்ப்பார்கள். முதலாளிக்குப் போடும்போது நான் சேர்த்து, தனி வரியாகக் காட்டுகிறேன். கடன் தவணையின் அசலை மட்டும் ஒருநாளும் சேர்க்காதீர்கள். அசல் என்பது பஸ்ஸின் விலை. அது தேய்மானமாக ஏற்கனவே உள்ளே வந்துவிட்டது.

மற்றவை சுலபம். இன்சூரன்ஸ் வருஷம் 1,20,000, மாதம் 10,000. வரி காலாண்டுக்கு 30,000, மாதம் 10,000. பெர்மிட் ஐந்து வருஷத்துக்கு 30,000 என்றால் மாதம் 500. எஃப்.சி.க்கான கட்டணம், பெயின்ட் எல்லாம் இரண்டு வருஷத்துக்கு 48,000, மாதம் 2,000. ஷெட் வாடகை 6,000. ஆபீஸ் செலவு 18,000-ஐ மூன்று பஸ்ஸுக்குப் பிரித்தால் இந்தப் பஸ்ஸின் பங்கு 6,000.

நிலைச் செலவு மொத்தம் ரூ. 1,44,000.

இங்கே ஒரு விசித்திரமான தப்பைப் பல தடவை பார்த்திருக்கிறேன். வண்டி 25 நாள்தானே ஓடியது என்று இந்தத் தொகையை 25/30 ஆகக் குறைப்பார்கள். ஷெட்டில் நின்ற ஐந்து நாளுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனி காசைத் திருப்பித் தருவதில்லை. முழுத் தொகையும் ஓடிய 8,000 கிலோமீட்டர் மேல்தான் விழும்.

## 5. ஓட்டச் செலவு: சக்கரம் சுற்றினால் மட்டும்

டீசல். லிட்டருக்கு 5 கி.மீ., 8,250 கி.மீ.க்கு 1,650 லிட்டர். லிட்டர் ரூ. 94 என்று வைத்தால் ரூ. 1,55,100. மைலேஜை டிரைவர் வாய்வார்த்தையில் வாங்காதீர்கள். டேங்க் நிரம்பிய அன்று மீட்டரைக் குறித்து, அடுத்து நிரப்பும் வரை ஓடிய தூரத்தை, அப்போது ஊற்றிய லிட்டரால் வகுங்கள். நாலைந்து தடவைச் சராசரி போதும். மைலேஜ் அரை கிலோமீட்டர் குறைந்து 4.5 ஆனால் மாதம் ரூ. 17,000-க்கு மேல் கூடிவிடும். இந்தப் பட்டியலில் வேறு எதிலும் இவ்வளவு பெரிய ஓட்டை விழாது.

டயர். புது செட் 1,20,000. அது 50,000 கி.மீ. ஓடியபின் ரீட்ரேட் செய்ய 45,000. மேலும் 32,500 கி.மீ. ஓடும். மொத்தம் 1,65,000 ÷ 82,500 = கி.மீ.க்கு ரூ. 2. இந்த மாதத்துக்கு ரூ. 16,500. ரீட்ரேட் டயரை முன் சக்கரத்தில் போடாமல் பின்னால் தள்ளுவதால் ஆறும் ஒரே நேரத்தில் தேயாது, உண்மைதான். அதற்காகவே செட் கணக்கில் சராசரி எடுக்கிறோம். டயர் வாங்கிய மாதத்தில் முழு பில்லையும் எழுதினால் அந்த மாதம் பயங்கர நஷ்டம், மற்ற மாதமெல்லாம் பொய் லாபம்.

ஆயில், ஆட்புளூ கி.மீ.க்கு ரூ. 1 வீதம் 8,250. பேட்டா, ஆளுக்கு நாளுக்கு 100, நாலு பேருக்கு 25 நாளில் 10,000. பஸ் ஸ்டாண்டு நுழைவுக் கட்டணம் நாளுக்கு 200 வீதம் 5,000.

பராமரிப்பைச் சில புத்தகங்கள் மூன்றாவது கூட்டாகப் பிரிக்கும். கிளட்ச், பிரேக், லீஃப் ஸ்பிரிங் எல்லாம் ஓடுவதால் வருகிற செலவுதான், அதனால் இதோடே வைக்கிறேன். ஒரு மாத பில்லைப் பார்க்கக் கூடாது; பன்னிரண்டு மாத பில்லைக் கூட்டி வகுக்க வேண்டும். இங்கே அது ரூ. 21,150.

ஓட்டச் செலவு மொத்தம் ரூ. 2,16,000.

## 6. இப்போது வகுக்கலாம்

இரண்டு தடவை வகுக்க வேண்டும், இந்த வரிசையில்.

முதலில் வருமானக் கிலோமீட்டரால்:

நிலைச் செலவு: 1,44,000 ÷ 8,000 = ரூ. 18.00
ஓட்டச் செலவு: 2,16,000 ÷ 8,000 = ரூ. 27.00
பஸ்-கிலோமீட்டர் அடக்கம்: ரூ. 45.00

பிறகு பயணி-கிலோமீட்டரால்:

நிலைச் செலவு: 1,44,000 ÷ 3,20,000 = 45 பைசா
ஓட்டச் செலவு: 2,16,000 ÷ 3,20,000 = 67.5 பைசா
பயணி-கிலோமீட்டர் அடக்கம்: ரூ. 1.125

நேராக இரண்டாவதுக்குப் போகாமல் முதல் படியை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு எண்ணும் வெவ்வேறு காரணத்தால் அசையும். ரூ. 45 ஏறினால் வண்டியிலும் ஷெட்டிலும் பார்க்க வேண்டும். 45 அப்படியே இருந்து 1.125 மட்டும் ஏறினால் வண்டியில் குறை இல்லை, ஆள் ஏறவில்லை. சராசரிப் பயணி 40 பேர் என்பதால் 45 ÷ 40 செய்தும் 1.125 வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பைசாவை 1.13 என்று இங்கேயே ரவுண்டு செய்யாதீர்கள். 3,20,000-ஆல் பெருக்கும்போது அந்த அரைப் பைசா ரூ. 1,600 ஆகிவிடும்.

## 7. எது மாறினால் எது நகரும்

"ஓட்டச் செலவு கிலோமீட்டருக்கு மாறாது" என்று எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். பஸ்-கிலோமீட்டருக்கு அது சரி. பயணி-கிலோமீட்டருக்குச் சரியல்ல.

நிரப்பு 80-லிருந்து 60 சதவீதமாக விழட்டும். வண்டியில் சராசரி 30 பேர். பஸ் அதே 8,000 கி.மீ. ஓடுகிறது, டீசல் கிட்டத்தட்ட அதேதான். பஸ்-கிலோமீட்டர் அடக்கம் ரூ. 45-லேயே நிற்கும். ஆனால் ஒரு பயணியின் மேல் விழுவது 45 ÷ 30 = ரூ. 1.50. அதில் ஓட்டச் செலவின் பங்கே 67.5 பைசாவிலிருந்து 90 பைசாவாக ஏறிவிட்டது.

நிரப்பு அதே 80, ஆனால் வண்டி 20 நாள்தான் ஓடியது என்றால்? வருமான ஓட்டம் 6,400 கி.மீ. நிலைச் செலவு 1,44,000 ÷ 6,400 = ரூ. 22.50 ஆகிறது. ஓட்டச் செலவு 27-லேயே இருக்கிறது. மொத்தம் 49.50, பயணிக்கு ரூ. 1.2375. இங்கே ஏறியது நிலைச் செலவு மட்டும்.

## 8. அடக்கத்திலிருந்து கட்டணத்துக்கு

பரீட்சையில் கேட்பது "கலெக்‌ஷனில் 20 சதவீத லாபம் வர என்ன கட்டணம்?" என்று. 1.125-உடன் 20 சதவீதம் சேர்த்து 1.35 என்று எழுதினால் மார்க் போச்சு. லாபம் கலெக்‌ஷனில் 20 என்றால் அடக்கம் கலெக்‌ஷனில் 80. எனவே 1.125 ÷ 0.80 = ரூ. 1.40625. முழுத் தூர டிக்கெட் 40 கி.மீ.க்கு ரூ. 56.25. இதோடு கண்டக்டருக்குக் கலெக்‌ஷனில் 4 சதவீதம் கமிஷன் என்று சேர்ந்தால், கமிஷனைச் செலவுப் பட்டியலில் எழுத முயன்று வட்டமடிக்க வேண்டாம். கலெக்‌ஷன் தெரியாமல் கமிஷன் தெரியாது. 0.80-க்குப் பதில் 0.76-ஆல் வகுத்தால் போதும்.

நிஜ பஸ்ஸில் கேள்வி வேறு. கட்டணத்தை முதலாளி வைப்பதில்லை, அரசு வைக்கிறது. தமிழ்நாட்டில் சாதாரண புறநகர் பஸ்ஸுக்கு 2018 ஜனவரி கடைசியில் அறிவித்தது கி.மீ.க்கு 58 பைசா. அந்தக் கட்டணத்தில் நம் பஸ்ஸை நிறுத்திப் பாருங்கள். 40 பேரோடு ஓடினால் கிலோமீட்டருக்கு வருவது ரூ. 23.20. அடக்கம் 45. ஓட்டச் செலவே 27. முழுச் செலவும் தேற 45 ÷ 0.58, ஏறக்குறைய 78 பேர் வழி முழுக்க வேண்டும். ஓட்டச் செலவு மட்டும் தேற 47 பேர் வேண்டும், அதாவது 50 சீட்டில் மூன்றுதான் காலி.

அப்படியானால் பஸ்கள் எப்படி ஓடுகின்றன என்று கேட்காமல் யாரும் இந்தக் கணக்கை விட்டு எழுந்ததில்லை. வண்டியின் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. நின்றுகொண்டு வருபவர்கள் நிரப்பை 100-க்கு மேல் கொண்டுபோகிறார்கள். கடன் முடிந்த பழைய பஸ்ஸில் வட்டி 18,500 கிடையாது. தேய்மானத்தை முதலாளி எழுதுவதே இல்லை, அதனால் பையில் காசு இருப்பது போலத் தெரிகிறது. பத்தாவது வருஷம் புது வண்டிக்கு மறுபடி கடனுக்குப் போகும்போதுதான் மாதம் 25,000 எங்கே போனது என்று தெரியவரும். ஒரு சிங்கிளை நிறுத்தலாமா என்று அவர் கேட்டால் 45-ஐ வைத்துப் பதில் சொல்லாதீர்கள். அந்தச் சிங்கிளை நிறுத்தினால் மிச்சமாவது டீசல், டயர், ஆயில், அதோடு தேய்கிற பாகங்கள்தான். பேட்டாகூட அன்றைக்கு வண்டி எடுத்தாலே கொடுத்தாக வேண்டியது. அந்த மத்தியானச் சிங்கிளின் 40 கி.மீ.க்கு இவை எவ்வளவு, அன்று அதில் வந்த கலெக்‌ஷன் எவ்வளவு என்று இரண்டு எண்ணை மட்டும் அவர் முன்னால் எழுதிக் காட்டுங்கள்.